ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை வாசித்து வீட்டு பட்ஜெட்டைத் திரும்பப் போடுவது எப்படி: எங்கள் வீட்டுக் கணக்கு

நவம்பர் 28ஆம் திகதி, வரவு 70,000 ரூபா. என் வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியில் கணவரின் பேனா நின்றுவிட்டது.

"இது என்ன காசு? உங்களுக்கு அந்த மாதம் சம்பளத்தைத் தவிர வேற ஒண்டும் வரல்லியே."

நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. சங்கிலியை அம்மா வீட்டில் வைத்திருப்பதாக அதுவரை சொல்லியிருந்தேன். அது களுவாஞ்சிகுடியில் அம்மாவின் அலுமாரியில் இருக்கவில்லை, அடகில் இருந்தது. வெள்ளம் வந்த கிழமை அது. மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது, அவருக்கு வேலை குறைவு, வாடகைக்கு நாள் வந்துவிட்டது. கேட்டு அவரை நோகடிக்க மனமில்லாமல் நானே கொண்டுபோய் வைத்தேன்.

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லடியில் எங்கள் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. நான் மட்டக்களப்பு நகரில் ஒரு அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். அவர் ஏசியும் ஃபிரிட்ஜும் திருத்துகிற ஒரு நிறுவனத்தில் டெக்னீஷியன். கல்யாணமாகி இரண்டு வருடம். எங்களிடம் ஒரு பட்ஜெட் இருந்தது. மாதம் 120,000 வருகிறது, 105,000 செலவு, 15,000 மிச்சம் என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தோம். அந்தக் கணக்குப்படி வருடக் கடைசியில் குறைந்தது 180,000 கையில் இருக்க வேண்டும். இருந்ததோ இரண்டு பேரின் கணக்கிலும் சேர்த்து 31,000. அதோடு அடகில் ஒரு சங்கிலி.

அன்று தொடங்கி மூன்று ஞாயிறு உட்கார்ந்து, 2024இன் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் வரி வரியாக வாசித்து, பட்ஜெட்டைத் திரும்பப் போட்டோம். நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். எங்கள் தொகைகளை அப்படியே தருகிறேன். உங்கள் தொகை வேறாக இருக்கும், செய்கிற முறை ஒன்றுதான்.

முதல் படி: இரண்டு பேரின் ஸ்டேட்மென்ட்டும், ஒரே திகதிகளுக்கு

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, இரண்டு பேரின் எல்லாக் கணக்குகளுக்கும் எடுங்கள். வங்கியின் ஆப்பில் இறக்க முடியாவிட்டால் கிளைக்குப் போய்க் கேட்கலாம். பாஸ்புத்தகத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பல மாதம் பதியாமல் விட்ட புத்தகத்தில் பழைய கொடுக்கல் வாங்கல்களைத் தனித்தனியாக அடிக்காமல் ஒரே தொகையாகச் சேர்த்து அடித்துவிடுவது உண்டு. அதிலிருந்து எதையும் பிரித்து அறிய முடியாது.

ஒரு முழு வருடம் ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டையே சொல்கிறேன். அவருடைய அப்பா அம்மா திருக்கோவிலில் இருக்கிறார்கள். பெரும்போகம் வெட்டியதும் மார்ச் மாதத்தில் இரண்டு மூட்டை நெல் எங்களுக்கு வரும். அது முடியும் வரைக்கும் கடையில் அரிசி வாங்குவதே இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தை மட்டும் பார்த்து உணவுச் செலவைக் கணக்கிட்டிருந்தால் வருடக் கடைசியில் நிச்சயம் துண்டு விழுந்திருக்கும். எங்கள் பழைய பட்ஜெட்டும் அப்படி ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து எழுதியதுதான்.

இரண்டாம் படி: ஒரே தாளில் போட்டு, மீதியோடு ஒத்துப்பார்ப்பது

எக்ஸெலில் ஐந்து பத்திகள் போதும்: திகதி, விபரம், வரவு, செலவு, வகை. இரண்டு பேரின் வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடுங்கள். கொப்பியிலும் செய்யலாம், கூட்டும்போது மட்டும் கவனம் வேண்டும். வகை எதையும் எழுதுவதற்கு முன்னால் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

```
=SUM(C:C)-SUM(D:D)
```

மொத்த வரவில் மொத்தச் செலவைக் கழித்தால் வருவது, டிசம்பர் 31 மீதிக்கும் வருடத் தொடக்க மீதிக்கும் உள்ள வித்தியாசமாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தொடக்கத்தில் இரண்டு கணக்கிலும் சேர்த்து 48,000 இருந்தது, முடிவில் 31,000. ஆக விடை கழித்தல் 17,000 வர வேண்டும். முதல் தடவை வரவில்லை. மார்ச் மாதத்தின் ஒரு பக்கத்தை இரண்டு முறை பதிந்திருந்தோம். இது ஒத்துவராமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். பிறகு வருகிற ஒவ்வொரு எண்ணும் இதன் மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் படி: வருமானம் அல்லாத வரவையும், செலவு அல்லாத பற்றையும் நீக்குவது

ஒத்துவந்த பிறகு மொத்தத்தைப் பார்த்தோம். வரவு 1,930,000. "பத்தொன்பது லட்சமா? நாம எப்ப அவ்வளவு உழைச்ச?" என்று அவர் சிரித்தே விட்டார். செலவு 1,947,000. இந்த இரண்டு எண்களும் உண்மையானவை, ஆனால் இரண்டுமே நம் உழைப்பையோ செலவையோ காட்டுவதில்லை. அதிகம் பேர் பிழை விடுகிற இடம் இது என்பதால் இதை மட்டும் ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சட்டைப்பையில் இருந்து மற்றச் சட்டைப்பைக்குப் போன காசு. ஒவ்வொரு மாதமும் அவர் தன் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கு என் கணக்குக்கு 25,000 அனுப்புவார். ஸ்டேட்மென்ட்டில் `CEFTS` என்று வருகிற வரிகள் அவை. அவருடைய தாளில் அது செலவு, என் தாளில் வரவு. வருடத்துக்கு 300,000 வரவிலும் செலவிலும் சும்மா ஏறி நிற்கிறது. இரண்டு தாளிலும் சோடி சோடியாகத் தேடி, வகைப் பத்தியில் "மாற்று" என்று எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்து மறுபக்கம் காணவில்லை என்றால், நீங்கள் எடுக்காத இன்னொரு கணக்கு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சீட்டு. என் வேலைத்தளத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 10,000 சீட்டுக் கட்டினோம். எனக்கு ஓகஸ்டில் 120,000 விழுந்தது. அது வருமானம் இல்லை, என் காசேதான் திரும்பி வந்தது. மாதாமாதம் கட்டிய 10,000 செலவும் இல்லை. இரண்டையும் "சீட்டு" என்று குறித்து ஒதுக்கினோம். அந்தக் காசில் 95,000க்கு வாங்கிய வாஷிங் மெஷின் மட்டும்தான் செலவு. சீட்டையும் மெஷினையும் சேர்த்தே செலவில் எழுதினால் ஒரே பொருளை இரண்டு முறை வாங்கியதாகிவிடும். எங்கள் சீட்டு அந்த வருடத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்தபடியால் இரண்டு பக்கமும் சரியாக வெட்டுப்பட்டது. உங்களுடையது வருடத்தைத் தாண்டி ஓடினால், இன்னும் விழாத சீட்டுக்குக் கட்டிய தொகை உங்கள் சேமிப்பு. விழுந்த பின்னும் கட்ட வேண்டி மிஞ்சியிருப்பது உங்கள் கடன். அப்படியே எழுதி வையுங்கள்.

கடைசியாகக் கடன். அடகு வைத்து வந்த 70,000 ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் போலத்தான் தெரியும். அதை வருமானத்தில் சேர்த்தால் வருடக் கணக்கு நல்லபடியாக இருப்பது போலவே தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே பொறி இருக்கிறது: அட்டையில் வாங்கிய பொருளைச் செலவில் எழுதினால், அட்டைக்குக் கட்டிய காசைத் திரும்பச் செலவில் எழுதக் கூடாது.

இன்னொன்று. ஸ்டேட்மென்ட்டில் விழுகிற சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கான 8 வீதத்தைக் கழித்த பின் வருவது. முதலாளி போடுகிற 12 வீதமும் இந்தக் கணக்கில் எங்கும் தெரியாது. அது நம்முடைய காசுதான், ஆனால் இந்த மாத அரிசிக்கு உதவாது. அதனால் சேர்க்க வேண்டாம்.

இவ்வளவையும் நீக்கிய பிறகு எங்கள் உண்மையான வருமானம் 1,440,000. அதாவது மாதம் என்னுடைய 52,000, அவருடைய சராசரி 68,000. உண்மையான செலவு, 1,947,000இல் மாற்று 300,000ஐயும் சீட்டு 120,000ஐயும் கழித்தால் 1,527,000. வருமானத்தை விட 87,000 கூட.

இது சரியா என்று ஒத்துப்பார்க்கவும் வழி இருக்கிறது. கூடச் செலவழித்த காசு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கணக்கு மீதியில் 17,000 குறைந்தது, அடகில் 70,000 வந்தது. இரண்டையும் கூட்டினால் 87,000. இந்த எண் சரியாக வந்து நின்றபோது நான் அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தந்தார். மாதம் 15,000 மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, மாதம் 7,250 குறைவில் ஓடியிருக்கிறோம். யாருடைய ஊதாரித்தனத்தையும் தேடுவதற்கு முன் இந்த எண்ணை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. அதுவரை நான் அவருடைய பக்கத்தில் காசு தங்குவதாக நினைத்திருந்தேன், அவர் என் பக்கத்தில் தங்குவதாக நினைத்திருந்தார்.

நான்காம் படி: ஏடிஎம்மில் எடுத்த காசு எங்கே போனது

ஸ்டேட்மென்ட்டில் ஏடிஎம் வரிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எங்களுக்கு வருடத்தில் அப்படி 540,000. மீன், மரக்கறி, பெட்ரோல், மொய், மருந்து எல்லாம் அதற்குள்தான்.

நினைவை நம்பி எழுதினால் பொய் வந்துவிடும். தடயம் இருக்கிற இடங்களைத் தேடினோம். சந்திக் கடையில் எங்கள் பெயருக்கு ஒரு கடன் கொப்பி இருக்கிறது. கடைக்கார அண்ணனிடம் கேட்டதும் பழைய கொப்பியையும் எடுத்துத் தந்தார். கிழமைக்கு எவ்வளவு பெட்ரோல் அடிக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியும், அதை 52ஆல் பெருக்கினோம். கல்யாண அழைப்பிதழ்களை நான் எறிவதில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இதற்கு எவ்வளவு வைத்தோம் என்று பின்பக்கத்தில் எழுதினோம். மருந்துக் கடைத் துண்டுகள் ஒரு பையில் கிடந்தன. மீனுக்கு மட்டும் ஒரு தடயமும் இல்லை. அதனால் அந்த மூன்று கிழமையும் மீன் வாங்கியதைத் தினமும் எழுதி, அதை வைத்து வருடத்துக்கு மதிப்புப் போட்டோம்.

இப்படி 486,000க்கு வழி தெரிந்தது. மிச்சம் 54,000க்குத் தெரியவில்லை. மாதம் 4,500. அதை இழுத்துப் பிடித்து "உணவு" என்றோ "பயணம்" என்றோ எங்காவது சொருக வேண்டாம். "தெரியாதது" என்றே ஒரு வகையாக வையுங்கள். மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்குக்குள் அது நின்றால் என் கணிப்பில் போதும், மேலே போகலாம். அதைவிடக் கூடினால் இன்னும் ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு வருவதுதான் சரி.

ஏடிஎம் தொகையை வகைவாரியாகத் தனித்தனி வரிகளாகப் பிரித்து, வகைகளை எழுதி முடித்ததும் ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையை இப்படி எடுக்கலாம்:

```
=SUMIFS(D:D,E:E,"உணவு")
```

வகைகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். "தேங்காய்" என்று தனி வகை வைத்தவர்கள் பிப்ரவரியில் களைத்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: மாதாமாதம் வருவதையும் எப்போதாவது வருவதையும் பிரிப்பது

எங்கள் பிழை எங்கே என்று இந்தப் படியில்தான் தெரிந்தது.

வாடகை, உணவு, கரண்ட், தண்ணீர், போன், கேஸ், பெட்ரோல், மோட்டார் சைக்கிள் லீசிங், இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் அனுப்புவது: மாதாமாதம் வருகிற இவை எல்லாம் வருடத்துக்கு 1,194,000. மாதம் 99,500. அதோடு தெரியாத 4,500ஐச் சேர்த்தால் 104,000. கொப்பியில் நாங்கள் எழுதியிருந்தது 105,000. ஆயிரம் ரூபாதான் வித்தியாசம்! வருடம் முழுக்க நாங்கள் மாதச் செலவில் ஒழுங்காகவே இருந்திருக்கிறோம்.

மிச்சம் 279,000 மாதாமாதம் வராதவை. வாஷிங் மெஷின் 95,000. பொங்கல், சித்திரை வருடம், தீபாவளி மூன்றுக்கும் உடுப்பும் கைவிசேஷமும் பலகாரமும் 62,000. கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா 48,000. மோட்டார் சைக்கிளின் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சேர்விஸ், வெள்ளத் திருத்தம் 41,000. வைத்தியமும் என் கண்ணாடியும் 27,000. வங்கிக் கட்டணங்களும் லீசிங் தவணை பிந்தியதற்கான கட்டணமும் 6,000.

இவை ஒவ்வொன்றும் வந்தபோது "இந்த மாதம் மட்டும் கொஞ்சம் கூடிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டோம். தாளில் பார்த்தால் அப்படிச் சொல்லாத மாதம் பிப்ரவரி ஒன்றுதான். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 23,250. எங்கள் பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதனால் மீனைக் குறைப்பதா, போனைக் குறைப்பதா என்று சண்டை பிடிப்பதற்கு முன் இந்தப் பிரிப்பைச் செய்யுங்கள். நாங்கள் ஒரு வருடம் பிடித்த சண்டை எல்லாம் மாதச் செலவைப் பற்றியது. ஓட்டை இருந்தது வேறு பக்கம்.

ஆறாம் படி: அடுத்த வருடத்துக்கு எண் போடுவது

போன வருடத் தொகையை அப்படியே எடுத்து வைப்பதும் பிழை, மனதுக்குப் பிடித்தபடி பாதியாக்குவதும் பிழை. ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது திரும்ப வருமா என்று கேளுங்கள்.

வாஷிங் மெஷின் திரும்ப வராது. ஆனால் வீட்டில் வேறேதோ பழுதாகும். ஃபேனும் கேஸ் குக்கரும் ஏற்கனவே பழசு, அதனால் 30,000. பண்டிகைக்கு 48,000 என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். கல்யாணம் காட்சிக்கு 48,000ஐத் தொடவில்லை. நமக்கு வைத்தவர்களுக்கு நாமும் வைக்க வேண்டும், அதில் நான் இறுக்கிப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மோட்டார் சைக்கிளுக்கு, வெள்ளத் திருத்தம் 17,000ஐக் கழித்தால் 24,000 எப்படியும் வரும். எங்கள் ஊரில் மாரி வருடந்தோறும் வருவதால் பழுதுக்கு இன்னும் 10,000 சேர்த்து 34,000. வைத்தியம் 30,000. கட்டணங்கள் 2,000. மொத்தம் 192,000. மாதம் 16,000.

இந்த 16,000ஐ மாதா மாதம் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போட முடிவெடுத்தோம். அதை நாங்கள் "வருடக் காசு" என்று அழைக்கிறோம்.

ஆனால் பன்னிரண்டால் வகுத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. செலவுகள் சமனாக வருவதில்லை. ஒரு தாளில் ஜனவரி முதல் மாதங்களை எழுதி, எந்த மாதம் எது வரும் என்று போட்டு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்தக் கணக்கில் என்ன இருக்கும் என்று பாருங்கள். எங்களுக்கு ஜனவரியில் 16,000 போட்டு, பொங்கலுக்கு 10,000மும் வைத்தியத்துக்கு 2,500மும் போனால் மிச்சம் 3,500. பிப்ரவரிக் கடைசியில் 17,000. மார்ச்சில் காப்புறுதியும் அனுமதிப்பத்திரமும் 13,000, முடிவில் 17,500. ஏப்ரலில் சித்திரை வருடத்துக்கு 26,000, மிச்சம் 5,000 மட்டும். மே மாதம் சொந்தத்தில் இரண்டு கல்யாணம், 20,000. அங்கே கணக்கு 1,500 குறைவில் போகிறது.

வருட மொத்தம் சரியாக இருந்தும் மே மாதம் கை கடித்திருக்கும். அந்த நேரத்தில் திரும்ப அடகுக் கடைதான் நினைவுக்கு வந்திருக்கும். தாளில் முன்கூட்டியே தெரிந்தபடியால், கையில் இருந்த 31,000இல் 11,000ஐ அந்தக் கணக்குக்கு முதலாகப் போட்டுத் தொடங்கினோம். மிச்சம் 20,000 எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

மாதச் செலவில் பெரிதாகக் கை வைக்கவில்லை. உணவு 32,500ஐ 31,000 ஆக்கினோம். கரண்ட், போன் எல்லாம் சேர்ந்த 11,500ஐ 10,500 ஆக்கினோம், அதிகமும் போன் ரீலோட்டில். பெட்ரோலில் ஆயிரம். தெரியாத 4,500க்குப் பதிலாக ஆளுக்கு 2,000 கைச்செலவு, அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. மொத்தம் மாதம் 100,000. வருடக் காசு 16,000. ஆக 116,000.

120,000இல் மிச்சம் 4,000. அது சங்கிலிக்கு.

70,000ஐ மாதம் 4,000 வீதம் கட்டினால் எப்போது முடியும்? அடகுச் சீட்டின் தவணை ஒரு வருடம், நவம்பரில் முடிகிறது. கணக்குப் பார்த்தால் அதற்குள் முடியாது. ஆனால் லீசிங் ஜூன் மாதத்தோடு முடிகிறது. ஜூலையில் இருந்து அந்த 12,500ஐயும் சேர்த்து மாதம் 16,500 கட்டலாம். ஜனவரி முதல் ஜூன் வரை 24,000, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 49,500. வட்டியோடு பார்த்தால் ஒக்டோபரில் மீட்டுவிடலாம். நகையைப் பகுதி பகுதியாகக் காசு கட்டி மீட்க முடியுமா என்று அடகு வைத்த இடத்தில் முதலே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டும் ஒவ்வொரு முறையும் வட்டிக்கு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு என்று துண்டில் எழுதி வாங்குங்கள். வட்டியை மட்டும் கட்டி அடகுச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போனால் முதல் அப்படியே நிற்கும்.

வேலைத்தளத்தில் கட்டுகிற புதிய சீட்டில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் மாதம் 10,000க்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஏழாம் படி: கூடிக் குறைகிற சம்பளமும் பொதுக் கணக்கும்

என் 52,000 மாறாது. அவருடைய 68,000 சராசரி மட்டும்தான். வெயில் காலத்தில் ஏசி வேலை குவியும், கமிஷனோடு 84,000 வரை போயிருக்கிறது. மாரியில் 58,000க்கு இறங்கியிருக்கிறது. சராசரியை வைத்து பட்ஜெட் போட்டால், குறைகிற மாதத்தில் 10,000 துண்டு விழும். எங்களுக்கு வருடம் தொடங்குவதே மாரியில். ஜனவரிச் சம்பளத்திலேயே குறைவு வரும் என்று தெரியும். மிச்சம் வைத்த 20,000 அதற்குத்தான். அவருடைய சம்பளம் 68,000க்கு மேல் வந்தால் கூடியதை அந்த ஒதுக்கில் போடுவது, குறைந்தால் அதிலிருந்து எடுப்பது. கூடிய மாதத்தைப் பார்த்துப் பட்ஜெட்டைக் கூட்டுவதில்லை.

அடுத்தது யார் எவ்வளவு போடுவது. வருமான விகிதப்படி பங்கு போடலாம் என்று பலர் சொல்வார்கள். எங்கள் விகிதம் ஏறக்குறைய 57க்கு 43. போட்டுப் பார்த்தோம். ஆளுக்கு 2,000 கைச்செலவு போக மிச்சம் எல்லாமே பொதுச் செலவாக இருக்கிற வீட்டில் விகிதம் பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை. மிச்சம் வருகிற காலத்தில் பேசலாம் என்று விட்டுவிட்டு, இரண்டு சம்பளமும் ஒரு கூட்டுக் கணக்குக்கு வருமாறு செய்தோம். இருவரில் ஒருவர் கையொப்பமிட்டாலும் எடுக்கலாம் என்ற முறையில் திறந்தோம். முன்பு அவர் அனுப்பும் 25,000 எனக்குப் போதாமல் 20ஆம் திகதியோடு என் கணக்கு வற்றிவிடும், அவருடையதில் அப்போது காசு இருக்கும், ஆனால் லீசிங்குக்கென்று அவர் தொடமாட்டார். ஒரே இடத்தில் பார்த்தால் இந்த மயக்கம் வராது.

இதில் ஒரு எச்சரிக்கை. லீசிங் தவணை பழைய கணக்கிலிருந்து தானாக வெட்டுப்படுகிறது என்றால், சம்பளத்தை மாற்றிய அன்றே அதையும் மாற்றுங்கள். நாங்கள் மறந்து, பிப்ரவரியில் தவணை போகாமல் திரும்பியது. பிந்தியதற்கான கட்டணம் கட்டினோம். அந்த வகைக்கு வருடத்துக்கு 2,000 மட்டும் ஒதுக்கிய எங்களுக்கு அது நல்ல அடி.

எட்டாம் படி: மாதக் கடைசியில் மூன்று எண்கள்

ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு, இருபது நிமிடம் போதும். மூன்று எண்களை மட்டும் பார்க்கிறோம்: பொதுக் கணக்கின் மீதி, வருடக் காசின் மீதி, அடகில் மிச்சம் நிற்கும் முதல். வருடக் காசின் மீதி நாங்கள் ஜனவரியில் தாளில் எழுதிய மாத மீதியோடு ஒத்துவர வேண்டும். குறைந்தால் எந்த வரியில் என்று தேடுகிறோம். மே மாதம் 9,500 இருக்க வேண்டிய இடத்தில் 6,200 இருந்தது. கல்யாணத்துக்குப் போக வான் கூலியில் எங்கள் பங்கு 3,300. மொய்யை மட்டும் எழுதி, போகிற செலவை எழுத மறந்திருக்கிறோம். அடுத்த வருடத் தாளில் அது தனி வரியாகப் போகிறது.

ஒக்டோபர் முதல் கிழமை, வேலை முடிந்து அவர் என்னை அச்சகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனார். மிச்சம் நின்ற இரண்டாயிரத்துச் சொச்சத்தைக் கட்டிச் சங்கிலியை வாங்கினோம். அடகுச் சீட்டில் எழுதியிருந்த நிறையை அவர் இரண்டு முறை வாசித்து, தராசில் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

"போட்டுக்கொண்டே வாங்க, மாமிக்கிட்ட காட்டிட்டு வருவம்" என்றார். அன்று இரவே பஸ் எடுத்துக் களுவாஞ்சிகுடிக்குப் போனோம்.